"பத்துப் பேருக்குத்தானே, அக்கா?"

தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான் வீடுகளிலும், வீட்டுச் சமையற்கட்டிலேயே விருந்துச் சாப்பாடு சமைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கும் பெண்கள் இன்று நிறையவே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் காதுகுத்து என்றாலும் கருமாதி என்றாலும் லயத்துப் பெண்கள் எல்லோரும் கூடி வெங்காயம் உரிப்பார்கள்; ஆண்கள் வெளியில் கல் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். இப்போது அந்தக் கூட்டம் கலைந்து ஊர் ஊராகப் போய்விட்டது. விசேஷம் மட்டும் போகவில்லை. ஆகவே "நீங்கள் சமைத்துக் கொடுங்களேன்" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் கேட்க, வீட்டுச் சமையல் ஒரு தொழிலாகிவிட்டது.

தொழில் என்று வந்துவிட்டால் கேள்விகளும் வந்துவிடும். சமைப்பவரிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றே மூன்றுதான். குறைந்தது எத்தனை பேருக்குச் செய்வீர்கள்? காரம் எப்படி இருக்கும்? எத்தனை நாளைக்கு முன்னால் சொல்ல வேண்டும்? ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அலுத்துப்போய், பலர் ஓர் அறிவிப்பை எழுதி வாட்ஸ்அப்பில் எல்லோர் கண்ணிலும் முதலில் படும்படி மேலே பதித்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். "20 பேருக்குக் குறைந்து ஆர்டர் எடுக்கப்படமாட்டாது" என்று விதி இருக்கும். ஏன் என்ற காரணம் இருக்காது. காரணம் தெரியாத விதியைப் பார்த்ததும், "அடேயப்பா, நேற்றுவரை நம் வீட்டில் வந்து கறித்தூள் கடன் வாங்கியவளுக்கு இன்று இவ்வளவு சட்டமா?" என்று உறவுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விதியைத் தளர்த்தினாலோ நஷ்டம் சமைப்பவருக்கு. விதிகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன என்பதைச் சமைத்துக் கொடுக்கும் சகோதரிகளும், சாப்பாட்டுக்குச் சொல்லும் வீட்டாரும், இரு பக்கத்தாருமே தெரிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பழைய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "பத்துப் பேருக்குத்தானே அக்கா, சின்ன வேலைதானே?"

சின்ன வேலை அல்ல என்பதைக் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தெரியும். வெள்ளைச் சோறு, கோழிப் பிரட்டல், டால்ச்சா, முட்டைக்கோஸ் பிரட்டல், வெள்ளரிப் பச்சடி, அப்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குச் சமைக்கவும் சந்தைக்குப் போய்த்தான் ஆகவேண்டும்; போக வர ஒன்றரை மணி நேரம். காய் நறுக்கி, வெங்காயம் உரித்து, இஞ்சி பூண்டு அரைக்க ஒன்றரை மணி நேரம். அடுப்படியில் இரண்டரை மணி நேரம். கட்டிக் கொடுக்க அரை மணி. சட்டி பானை கழுவி, தரை துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு மணி நேரம். மொத்தம் ஏழு மணி நேரம் ஆயிற்றா? அதே சமையலை முப்பது பேருக்குச் செய்தால் மூன்று மடங்கு நேரம், அதாவது இருபத்தொரு மணி நேரம் ஆகுமா? ஆகாது. சந்தை அதே ஒன்றரை மணி நேரம்தான். நறுக்குவதும் அரைப்பதும் இரண்டரை, அடுப்பு மூன்று, கட்டுவது ஒன்று, கழுவுவது ஒன்றரை. கூட்டிப் பாருங்கள், ஒன்பதரை மணி நேரம்.

அப்படியானால் பத்துப் பேர் சமையலில் ஓர் இலைக்கு 42 நிமிட உழைப்பு. முப்பது பேர் சமையலில் ஓர் இலைக்கு 19 நிமிடம். தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று ஒரே விலை வைத்துவிட்டு இரண்டையும் ஏற்றுக்கொண்டால், பத்துப் பேர் ஆர்டரில் சமைப்பவர் பாதிக் கூலிக்கு வேலை செய்கிறார் என்று அர்த்தம். சாமான் விலையைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை லாபம் என்று எண்ணும் பெண்கள் பலர். தங்கள் நேரத்தை எண்ணுவதே இல்லை. பால்மரம் சீவிய காலத்தில் காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கணக்காகச் சொல்லத் தெரிந்தவர்கள், சமையற்கட்டில் நின்ற நேரத்தை மட்டும் ஏன் தானம் என்று விட்டுவிடுகிறார்களோ தெரியவில்லை.

நேரம் ஒரு பக்கம். பாத்திரம் சொல்லும் காரணம் இன்னொன்று. பெரிய ஆர்டருக்கென்று வாங்கிய குவாலியில் ஒரே ஒரு கோழியைப் போட்டுப் பிரட்டிப் பாருங்கள். மசாலா அகலமான அடிப்பாகத்தில் மெல்லிய பூச்சாகப் பரவி, தண்ணீர் சட்டென்று வற்றி, இறைச்சி வேகுமுன் தூள் கருகிவிடும். கருகிய தூளின் கசப்பு எதைப் போட்டாலும் போகாது. வீட்டுக்குச் சமைக்கும் சின்னச் சட்டியில் செய்தால் அருமையாக வரும். ஆனால் அதற்கு வீட்டுச் சட்டி, வீட்டு அடுப்பு, வீட்டு நேரம் எல்லாம் வேண்டும். ஆகவே சின்ன ஆர்டரை ஏற்கவே கூடாது என்பதல்ல. வேறு விலை வைக்கலாம். அல்லது வேறொரு பெரிய ஆர்டர் இருக்கும் நாளில், அதே பதார்த்தங்களை அவர்களும் வாங்கிக்கொள்வதானால், பத்து என்ன, ஐந்து பேருக்குக்கூட எடுத்துக் கொடுக்கலாம். அறிவிப்பில் அதையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் உறவுக்காரரின் கோபம் பாதி தணியும்.

குறைந்த அளவைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிக அளவைப் பற்றிக் கேட்பதே இல்லை. சமைப்பவரும் எழுதுவதில்லை. பெரும் சங்கடங்கள் அங்கேதான் பிறக்கின்றன. வீட்டு மின்சாரச் சோற்றுச் சட்டியில் பொதுவாக ஒன்றரைக் கிலோ அரிசிக்கு மேல் ஒரு தடவையில் வேகாது. ஒரு வீட்டுக் குவாலியில் மூன்று நான்கு கிலோ கோழிக்கு மேல் போட்டால், அது பிரட்டல் ஆகாது; கோழி தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வெந்து, வெளிறிப்போய் குழம்பு மாதிரி ஆகிவிடும். தீயைக் கூட்டினால் அடி பிடிக்கும், மேலே உள்ள துண்டு வேகாது. "நூறு பேருக்கு வந்திருக்கிறது, விடக்கூடாது" என்று ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டு, அன்றைக்குக் கெட்ட பெயர் வாங்கினால், அடுத்து வரவேண்டிய பத்து ஆர்டர்களும் போய்விடும். உங்கள் அடுப்பும் பாத்திரமும் எத்தனை பேருக்குத் தாங்கும் என்று ஒரு எண் இருக்கிறது. குறைந்த அளவுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதுங்கள்.

காரம்: எவ்வளவு என்று கேட்காதீர்கள், யாருக்கு என்று கேளுங்கள்

"காரம் எப்படி வேண்டும்?" என்று கேட்டால் வரும் பதில் "நடுத்தரமாக" என்பதுதான். இந்த நடுத்தரத்தைப் போல ஏமாற்றும் சொல் சமையலில் வேறில்லை. தினமும் சம்பால் தின்று பழகிய வீட்டில் நடுத்தரம் என்பது, இன்னொரு வீட்டில் கண்ணீர் வரவழைக்கும் காரம். மிளகாய்த்தூளை வாயில் வைக்காத பாட்டிக்கு மிளகு ரசமே மிதமானது. ஆகவே அளவைச் சொல்லுங்கள். எலும்போடு ஒரு கிலோ கோழிக்கு, தலை தட்டிய ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள் மிதமான காரம். இரண்டு கரண்டி நடுத்தரம். மூன்றுக்கு மேல் போனால் நல்ல காரம். இது உங்கள் வீட்டில் நீங்கள் வழக்கமாக வாங்கும் தூளுக்கான கணக்கு. மிளகாய் வகை மாறினால் கணக்கும் மாறும். நிறத்தைப் பார்த்துக் காரத்தை முடிவு செய்யாதீர்கள்; காஷ்மீர் மிளகாய் இரத்தச் சிவப்பாக இருக்கும், காரம் குறைவு. சிலி பாடியோ விரல் நகம் அளவு இருந்துகொண்டு ஊரையே எழுப்பிவிடும். புதுத் தூள் பொட்டலம் பிரித்தால், ஆர்டருக்குப் போடுமுன் ஒரு முட்டை வறுவலிலோ உருளைக்கிழங்கிலோ போட்டு வீட்டில் ருசித்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

காரத்தைப் பற்றி ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. சேர்க்கலாம், எடுக்க முடியாது. மிளகாயின் காரச் சத்து தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். அதனால்தான் காரம் கூடிப்போன குழம்பில் தண்ணீர் ஊற்றினால் ருசி கெடுகிறதே தவிர, நாக்கு எரிவது பெரிதாகக் குறைவதில்லை. மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்தால் கொஞ்சம் குறையும். தேங்காய்ப்பால் சேர்த்தால் இன்னும் குறையும், ஆனால் அது பிரட்டலாக இருக்காது. உருளைக்கிழங்கைப் போட்டால் காரத்தை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். கிழங்கு இழுப்பது மிகக் கொஞ்சம், கூடுதலாக ஒரு பொருள் சேர்ந்ததால் காரம் பரவலாகிறது, அவ்வளவுதான்.

ஆகையால் பெரிய அளவில் சமைக்கும்போது, கணக்குப்படி வரும் மிளகாய்த்தூளை முழுவதும் ஒரேயடியாகக் கொட்டாமல் முக்கால் பங்கை மட்டும் முதலில் போடுங்கள். எட்டுக் கிலோ கோழிக்கு நடுத்தரம் என்றால் பதினாறு கரண்டி. பன்னிரண்டைப் போட்டு வேகவிட்டு, தண்ணீர் முக்கால்வாசி வற்றிய பிறகு ருசி பாருங்கள். தண்ணீர் நிறைய இருக்கும்போது ருசி பார்ப்பதில் பயனில்லை. வற்ற வற்றக் காரமும் உப்பும் ஏறும். போதவில்லை என்றால் மிச்சத் தூளை அப்படியே மேலே தூவிவிடாதீர்கள், பச்சை வாடை அடிக்கும். சின்னக் கரண்டியில் எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, தீயை அணைத்துவிட்டு, அதில் தூளைப் போட்டு ஒரு கிண்டு கிண்டி, மணம் வந்ததும் பிரட்டலில் ஊற்றிக் கலந்துவிடுங்கள்.

இந்த முறையில் இன்னொரு வசதியும் உண்டு. பன்னிரண்டு கரண்டிக்கும் முன்னால், எட்டுக் கரண்டி மட்டும் போட்ட நிலையில், பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் வேண்டிய துண்டுகளைச் சின்னச் சட்டியில் எடுத்துத் தனியாக வேகவைத்து, கடைசியில் கெட்டியான தேங்காய்ப்பால் அரை டம்ளர் ஊற்றி இறக்கிவிடலாம். மறுபடி மசாலா வதக்க வேண்டியதில்லை. ஒரே சமையலில் இரண்டு காரம். இதற்காகத்தான் சொல்லுகிறோம், "எவ்வளவு காரம்?" என்ற கேள்வியை விட "யார் சாப்பிடப் போகிறார்கள்?" என்ற கேள்வி பயனுள்ளது. "முப்பது பேரில் எட்டுப் பிள்ளைகள், இரண்டு பெரியவர்களுக்கு வயிற்றுப் புண்" என்று பதில் வந்தால், என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வேலையிடத்து மலாய், சீன நண்பர்கள் வருகிறார்கள் என்றால் காரத்தைக் குறைக்கச் சொல்லுவார்கள் பலர். சிலி பாடியைப் பச்சையாகச் சோயா சாற்றில் நனைத்துக் கடிக்கும் நண்பர்களுக்கு நாம் எதற்குப் பயப்படவேண்டும்? அவர்கள் விஷயத்தில் கேட்கவேண்டியது காரத்தை அல்ல. இறைச்சி ஹலால் கடையில் வாங்கியதா, யாருக்காவது சைவமா என்பதைத்தான்.

ஞாயிறு மதியத்துக்கு வேலை தொடங்குவது புதன்கிழமை

முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்பதற்குக் காரணம், "எனக்கு நிறைய ஆர்டர் இருக்கிறது" என்ற பெருமை அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வருவோம். முப்பது பேர், மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, தோட்டத்து மண்டபம் அரை மணி தூரம், மேலே சொன்ன அதே பதார்த்தங்கள்.

பன்னிரண்டரைக்குப் பரிமாறவேண்டும் என்றால் பன்னிரண்டே காலுக்குப் போய்ச் சேரவேண்டும். பதினொன்றே முக்காலுக்கு வண்டி கிளம்பவேண்டும். சோறு பதினொன்றேகாலுக்கு இறங்கவேண்டும்; அதற்கு மேல் முன்னதாக இறக்கக்கூடாது. மூன்றரைக் கிலோ அரிசியைப் பெரிய அடுப்பில் பத்தரைக்கு ஏற்றினால் சரியாக வரும். கோழி எட்டுக் கிலோ, அதாவது ஐந்து கோழி, கோழிக்குப் பன்னிரண்டு துண்டாக வெட்டினால் அறுபது துண்டு, ஆளுக்கு இரண்டு. இதை இரண்டு குவாலியில் பாதிப் பாதியாக ஒன்பதரைக்கு ஏற்றி பத்தே முக்காலுக்கு இறக்கவேண்டும். இரண்டு குவாலிக்கும் மசாலாவை முன்னாலேயே இரண்டு கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பந்திக்கு ஒரு ருசி, மறு பந்திக்கு ஒரு ருசி என்று ஆகிவிடும். டால்ச்சாவுக்கு ஒரு கிலோ பருப்பு. ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்து, மிதமான தீயில் சூடாகவே வைத்திருந்து, கட்டுமுன் மறுபடி தளதளவென்று கொதிக்க வைக்கவேண்டும். முட்டைக்கோஸ் கோழி இறங்கிய அடுப்பில். பச்சடி கடைசியில், குளிர்ந்தபடியே தனிப் பாத்திரத்தில்.

அப்படியானால் விடியற்காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்கும்போது எல்லாம் நறுக்கி, அரைத்து, கழுவித் தயாராக இருக்கவேண்டும். அது சனிக்கிழமை வேலை. கோழியைச் சனிக்கிழமை காலைச் சந்தையில் வாங்கிச் சுத்தம் செய்து, மசாலா பிரட்டி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில் வைப்பார்கள்; மேல்தட்டில் வைத்தால் அதன் நீர் சொட்டிக் காய்கறியில் விழும். ஐந்து கோழி வேண்டும் என்று கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமையே சொல்லவேண்டும். அவரிடம் சொல்ல, எத்தனை பேர் என்பது வியாழக்கிழமையே முடிவாகவேண்டும். முன்பணம் கைக்கு வராமல் சந்தைக்குப் போக முடியாது. ஆகவே புதன்கிழமைக்குள் ஆள் கணக்கும் முன்பணமும் வந்தாகவேண்டும். ஞாயிறுக்குப் புதன். வீட்டு விருந்துக்கு இதைவிடக் குறைந்த அவகாசம் கேட்பவர், ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் செய்யவேண்டியிருக்கும்.

இப்போது வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கிறது. "அக்கா, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், கோழியோடு ஆட்டிறைச்சியும் போட்டுவிடுங்களேன். காசு கூடக் கொடுத்துவிடுகிறோம்." காசு இங்கே பிரச்சனையே அல்ல. கடையில் கிடைக்கும் ஆட்டிறைச்சி பெரும்பாலும் உறைந்த கட்டியாகத்தான் வருகிறது. எலும்பில்லாத இறைச்சி வேகும்போது சுருங்கும். ஒரு கிலோ ஏறக்குறைய அறுநூறு கிராமாகிவிடும். முப்பது பேருக்கு நாலரைக் கிலோவாவது வேண்டும். சனிக்கிழமை காலை வாங்கி வந்தால், இரண்டு கிலோ கட்டி ஒன்று குளிர்பெட்டிக்குள் உருகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஞாயிறு காலை கத்தி வைத்தால் நடுவில் பனிக்கட்டி தட்டும். அவசரத்துக்குப் பலர் செய்வது என்ன? தொட்டியில் போட்டு இரவு முழுக்க வெளியே வைத்துவிடுவது. நமது ஊர் வெப்பத்தில் கட்டியின் வெளிப்பக்கம் பல மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்து கெடும்; உள்பக்கம் இன்னும் பனிக்கட்டியாக இருக்கும். நீர் புகாத பையில் இறுகக் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றினால் இரண்டு கிலோ கட்டி இரண்டு மூன்று மணி நேரத்தில் உருகும். ஆனால் உருகியதும் உடனே அடுப்பில் ஏற்றியாகவேண்டும். இவ்வளவையும் ஏற்கனவே மூன்று அடுப்பும் எரியும் விடியற்காலையில் யார் செய்வது? "ஆட்டிறைச்சி வேண்டாம், கோழியை ஒன்று கூட்டி ஆறாக்கித் தருகிறேன், மாப்பிள்ளை வீட்டாருக்கு முட்டைச் சம்பாலும் வைக்கிறேன்" என்று சொல்லும் பெண் கண்டிப்பானவள் அல்ல, விஷயம் தெரிந்தவள்.

"முதல் நாள் இரவே சமைத்து வைத்துவிட்டால் என்ன?" என்றும் கேட்பார்கள். வீட்டில் நேற்றைய மீன்குழம்பு இன்று ருசி கூடுகிறதே என்பார்கள். சின்னச் சட்டிக் குழம்பு சீக்கிரம் ஆறிவிடும், அதைக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். எட்டுக் கிலோ பிரட்டலோ பெரிய சட்டி டால்ச்சாவோ மூடி வைத்தால், விடியும்போதும் நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகளுக்கு அதைவிடச் சுகமான தொட்டில் கிடையாது. டால்ச்சாவில் சின்னச் சின்ன நுரை கட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ கெட்டுவிட்டது என்று தெரியும். ஆனால் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பல, வாடையும் காட்டாமல் ருசியும் மாறாமல் இருக்கும். மூக்கை மட்டும் நம்ப முடியாது. சோறு இன்னும் மோசம். வேகவைத்தாலும் சாகாத கிருமி விதைகள் அரிசியில் உண்டு. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. சோற்றைக் கடைசியில் வடிப்பதற்கு இதுதான் காரணம்.

சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. நமது உதாரணத்தில் கோழி பத்தே முக்காலுக்கு இறங்கியது, ஆகவே பாத்திரத்தின் மூடியில் "மதியம் 2.45க்குள் சாப்பிடவும்" என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். விருந்து முடிந்து மாலை ஐந்துக்கு மிச்சத்தைப் பொட்டலம் கட்டி அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது நம்முடைய பாசமான பழக்கம்தான். பிறகு அத்தைக்கு வயிறு கலங்கினால் பெயர் சமைத்தவருக்குத்தான் வரும். கொடுப்பதாக இருந்தால் பந்தி முடிந்ததும் இரண்டு மணிக்கே எடுத்துக் கொடுத்து, குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

மலேசியாவில் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவு கையாளும் தொழில் செய்பவர்கள் அதற்கான பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் பெறவேண்டும். தைப்பாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவேண்டும். ஊசி மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை. கூட வந்து வெங்காயம் உரிக்கும் தங்கைக்கும் இது பொருந்தும்.

பணத்தைப் பற்றி. பாதியை முன்பணமாக வாங்குவது வழக்கம். தோட்ட வேலைக்காரர் வீடுகளில் சம்பளம் மாதத் தொடக்கத்தில்தான் கைக்கு வரும். ஆகவே மாதக் கடைசியில் விசேஷம் வைப்பவரிடம் "புதன்கிழமை பாதி கொடுங்கள்" என்றால் அவருக்குச் சிரமம். சம்பளம் வந்த வாரத்திலேயே, விசேஷத்துக்கு மூன்று வாரம் இருந்தாலும், முன்பணத்தை வாங்கி நாளைக் குறித்துக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது. விசேஷம் நின்றுபோனால் எவ்வளவு திருப்பித் தருவது என்பதையும் அப்போதே சொல்லிவிடவேண்டும். வியாழன் வரை என்றால் முழுப் பணமும். சாமான் வாங்கிய பிறகு என்றால் வாங்கிய சாமான் போக மிச்சம். துக்கத்தால் நின்றது என்றால் சட்டம் பேசாதீர்கள். தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை வாரங்களுக்கு இரண்டு வாரம் முன்னால் சொல்லவேண்டும் என்று எழுதுங்கள். சீனப் புத்தாண்டிலோ கடைகள் பல நாட்கணக்கில் மூடிவிடுவதால் கோழியும் காய்கறியும் முன்னாலேயே வாங்கி வைத்தாகவேண்டும்.

இவ்வளவையும் சேர்த்து அறிவிப்பை எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும். உங்கள் வீட்டு அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தக்கபடி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். குறைந்தது 20 பேருக்கும், அதிகம் 50 பேருக்கும் சமைத்துத் தருகிறேன். அதற்கு மேல் என் அடுப்பு தாங்காது. 20 பேருக்குக் குறைவாக வேண்டுமானால், வேறு ஆர்டர் இருக்கும் நாளில் அதே பதார்த்தங்களைத் தரமுடியும், கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, காரம் ஆகாதவர்கள் யார், சைவம் யார் என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் காரம் குறைத்துத் தனியாகக் கட்டித் தருவேன், அதற்குக் கூடுதல் காசு இல்லை. ஞாயிறு விசேஷத்துக்குப் புதன் இரவுக்குள் ஆள் கணக்கும் பாதிப் பணமும் வேண்டும். வியாழனுக்குப் பிறகு ஆள் கூடினால் ஐந்து பேர் வரை சமாளிக்கலாம். பதார்த்தத்தை மாற்ற முடியாது. ஆட்டிறைச்சி வேண்டுவோர் ஒரு வாரம் முன்னால் சொல்லவும். அன்றைக்கு அன்றே சமைப்பேன். மூடியில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்."

கடைசி வரிக்குக் கீழே, பாத்திரங்களை எப்போது திருப்பித் தரவேண்டும் என்றும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கழுவாமல் மூன்று நாள் கழித்து வந்து சேரும் டால்ச்சாச் சட்டியைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. சமைத்துக் கொடுக்கும் சகோதரிகளுக்கே தெரியும்.